லிஃப்ட் வேலைக்கு அப்ரண்டிஸா, இன்டர்னா?

ஈசூன் வாணி: மகன் ஐடிஇ-யில் ஹையர் நைட்டெக் முடித்து, தேசிய சேவையும் முடித்துவிட்டான். இப்போது இரண்டு கடிதங்கள் கையில் இருக்கின்றன. ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் அப்ரண்டிஸாக எடுத்து, வேலை செய்துகொண்டே ஐடிஇ-யில் படிக்கும் வொர்க்-ஸ்டடி டிப்ளமாவுக்கு மாதம் 1,700 வெள்ளி தருகிறது. இன்னொன்று "இன்டர்ன், 6 மாதம், மாதம் 1,000 வெள்ளி, பிடித்தம் எதுவும் கிடையாது" என்கிறது. எதில் உரிமை அதிகம்? எதில் ஏமாறுவோம்?

பாலி_பையன்: அக்கா, இன்டர்ன் போகட்டும். 6 மாதத்தில் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம். வொர்க்-ஸ்டடி என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொள்வான். படிப்பு என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிக்கிறார்கள். நானும் பாலியில் இருந்தபோது இன்டர்னாகப் போனேன். மசேநி கிடையாது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சம்பளப்பிரிவு செல்வி: தம்பி, நீங்கள் அப்போது மாணவர். பள்ளி ஏற்பாடு செய்த பயிற்சி என்பதால் மசேநி விலக்கு இருந்தது. வாணியின் மகன் எந்தப் பள்ளியிலும் இல்லையே. அவனை வேலைக்கு எடுத்தால் "இன்டர்ன்" என்று கடிதத்தில் போட்டாலும் மசேநி கட்டத்தான் வேண்டும். 1,000 வெள்ளியில் அவன் பங்கு 200, முதலாளி மேலே 170 போட வேண்டும். முழு ஆயிரத்தையும் கையில் தருகிறோம் என்றால், அந்த 170-ஐ மிச்சம் பிடிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலை நியமனச் சட்டத்தில் வேலை ஒப்பந்தம் என்பதற்குள் அப்ரண்டிஸ் ஒப்பந்தமும் அடங்கும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. இன்டர்ன் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. அதனால் இன்டர்னுக்குச் சிக்கல் வந்தால், அவன் உண்மையில் என்ன வேலை செய்தான், யார் சொல்லைக் கேட்டுச் செய்தான் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பழைய_ஷிப்யார்டு: நான் 80களில் வெல்டிங் அப்ரண்டிஸ். முதல் மூன்று மாதம் வெல்டிங் கம்பியையே தொட விடவில்லை, தரை கூட்டினேன். ஆனால் சம்பளம் ஒரு நாளும் தவறியதில்லை. கடினமாக இருந்தாலும் கற்றுக்கொண்டேன்.

திருச்சி_டு_தெம்பனிஸ்: என் தங்கை மகன் திருச்சியில் படிக்கிறான். அவன் இங்கே இன்டர்ன் வர எவ்வளவு கேட்பார்கள்?

சம்பளப்பிரிவு செல்வி: அது வேறு பாஸ் விஷயம் அண்ணே, தனியாகப் பதிவு போடுங்கள்.

பாலி_பையன்: சரி, மசேநி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1,700-லும் மசேநி போனால் கையில் 1,360 தானே? ராத்திரி 2 மணிக்கு லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டால் எழுப்பி அனுப்புவார்கள். அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் எங்கே கொடுக்கிறார்கள்?

சம்பளப்பிரிவு செல்வி: கொடுத்தாக வேண்டும். கை உழைப்பு வேலையில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருந்தால் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்வது ஓவர்டைம். கணக்கு இதுதான்: 1,700-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணிக்கு, அதாவது 2,288-க்கு வகுத்தால் மணிக்கு 8.92. ஒன்றரை மடங்கு சுமார் 13.37. மாதம் 10 மணி நேரம் கூடுதலாகச் செய்தால் ஏறக்குறைய 134 வெள்ளி. சம்பளச் சீட்டில் இதற்குத் தனி வரி இருக்க வேண்டும். "அலவன்ஸ்" என்று ஒரே தொகையாகப் போட்டு, கூடுதல் மணி நேரம் எதுவும் எழுதாமல் விட்டால், முதல் மாதமே கேளுங்கள்.

அதோடு அந்த 1,360-க்குப் பின்னால் முதலாளி பங்கு 289 வெள்ளி அவன் மசேநிக் கணக்குக்குப் போகிறது.

பாலி_பையன்: இதெல்லாம் சட்டப் புத்தகம். புது ஆள் போய் ஓவர்டைம் கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். வகுப்புக்குப் போகிற நாளில்கூட "ஆள் இல்லை, வா" என்று கூப்பிடுவார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சம்பளப்பிரிவு செல்வி: அது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. வகுப்பு நாளை நிறுவனம் விழுங்கினால் ஐடிஇ-யில் அவனைப் பொறுப்பேற்கும் ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும். சம்பளப் பாக்கி என்றால், சம்பளத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் TADM-க்குப் போகலாம். வேலையில் இருந்தால் ஒரு வருடத்துக்குள், விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ஆனால் யாருமே வேலையில் இருந்துகொண்டு அதைச் செய்வதில்லை, அதுதான் பிரச்சினை.

பழைய_ஷிப்யார்டு: லிஃப்ட் குழிக்குள் இறங்கும் வேலை. அடிபட்டால்?

சம்பளப்பிரிவு செல்வி: வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் அப்ரண்டிஸையும் சேர்த்தே எழுதப்பட்டது. இந்த ஒன்றுக்காகவே நான் அந்தக் கடிதத்துக்கு ஓட்டுப் போடுவேன்.

ஈசூன் வாணி: இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வொர்க்-ஸ்டடி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று இருக்கிறது. தொகை போடவில்லை.

பாலி_பையன்: பார்த்தீர்களா!

சம்பளப்பிரிவு செல்வி: தொகை எவ்வளவு, நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் கட்ட வேண்டுமா, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள் வாணி. பதில் வரும் வரை கையெழுத்து வேண்டாம்.