புதுப்பிப்பு: மூடிப்போன சாட்டின் நகல் கிடைத்தது

என் பழைய கேள்வி: “தாமதக் கட்டணம் 90 வெள்ளியைத் திருப்பித் தருவதாக வங்கியின் லைவ் சாட்டில் சொன்னார்கள். ஜன்னல் மூடிவிட்டது. அந்தப் பேச்சை எப்படி வாங்குவது?”

சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் எழுதுகிறேன். வாட்ஸ்அப் எக்ஸ்போர்ட் செய்யச் சொன்ன தம்பி, இது வங்கியின் இணையதளத்தில் நடந்த சாட். என் கைப்பேசியில் எதுவும் இல்லை. ஹாட்லைனில் கேட்டாலே போதும் என்றார் மாமா. அழைத்தேன். பதிவு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள், நகல் மட்டும் தரவில்லை.

வழி காட்டியது, முன்பு வங்கியில் வேலை பார்த்த அக்காதான். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி நம் தரவின் நகலைக் கேட்கலாம், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்றார். வங்கியின் தனியுரிமை அறிவிப்பிலுள்ள மின்னஞ்சலுக்கு சாட் நடந்த தேதி, நேரம், பதிவு செய்த என் மின்னஞ்சல் எல்லாம் எழுதி அனுப்பினேன். கட்டணம் 10 வெள்ளி. 17-ஆம் நாள் பிடிஎஃப் வந்தது.

திறந்ததும் பதறிவிட்டேன். நான் பேசியது காலை 11:12, அதில் 03:12 என்றிருந்தது. வேறு யாருடைய சாட்டோ என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கிறது, நம் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். புகாரில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்.

ஊழியர் பெயரை மறைத்திருந்தார்கள். வாக்குறுதி வரி அப்படியே இருக்கிறது. நான் அனுப்பிய ரசீதுப் படம்தான் இல்லை. அதையும் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. 90 வெள்ளியும் இன்னும் வரவில்லை.