இடையில் நுழைந்த அடிக்குறிப்பும் இடம் மாறிய இபிட்டும்

ஹட்டன் உறுப்பினர்: மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிப்புக்கு முன் சரிபார்த்தபோது கண்டதைப் பகிர்கிறேன். அடிக்குறிப்பு 11 கோப்பித் தோட்டங்கள் பற்றிய ஒரு நூலின் 42ஆம் பக்கத்தையும், 12 என்பது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தையும் காட்டின; 13இல் 'இபிட், ப. 47' என்றிருந்தது. சற்று முன் காட்டிய அதே மூலம் என்பதையே இபிட் உணர்த்துவதால், கங்காணிமார் கொடுத்த முற்பணம் பற்றிய வசனம் ஒன்றுக்குக் குடியுரிமைச் சட்டம் சான்றாகிவிட்டது. சட்டத்தைப் பிரிவு எண்ணால்தான் காட்டுவோம். அங்கே பக்க எண் வந்ததே எனக்கு ஐயத்தைத் தந்தது. மாணவர் முதலில் நூலையும் அடுத்து இபிட்டையும் எழுதிவிட்டு, பின்னொரு நாள் சட்டத்தை இடையில் செருகியிருக்கிறார். கணினி அடிக்குறிப்பு எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும். கையால் தட்டிய இபிட்டுக்கோ தன் முன்னால் யார் வந்து நின்றார் என்பது தெரியாது.

பதுளை உறுப்பினர்: அதனால்தான் நான் எல்லா இடத்திலும் சிஎஃப் என்று போடுகிறேன். 'பார்க்க' என்பதுதானே அது? எந்த அடிக்குறிப்பு இடையில் வந்தாலும் குழப்பமில்லை.

ஹட்டன் உறுப்பினர்: இடம் மாறினாலும் அது கெடாது என்பது சரிதான். ஆனால் சிஎஃப் 'ஒப்பிட்டுப் பார்க்க' என்கிறது. நீங்கள் சொன்னதோடு மாறுபடுகிற, அல்லது வேறு கோணத்தில் பார்க்கிற நூலை அங்கே வைத்தால்தான் வாசிப்பவருக்குப் பயன். உங்கள் கூற்றுக்கு நேரடியான ஆதாரத்தை அதன் பின்னே எழுதினால், கவனமான பரிசோதகர் நீங்கள் அந்த நூலோடு முரண்படுவதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

நுவரெலியா உறுப்பினர்: தேயிலை மண் பற்றிய கட்டுரையொன்றில் நால்வருள் மூன்றாவது ஆசிரியர் நான். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதற்பெயருக்குப் பின், 'மற்றும் பிறர்' என்ற பொருளில் எட் அல் என்று முடித்துவிடுகிறார்கள். வீட்டில் காட்டினால், என் பெயர் எங்கே என்று அம்மா கேட்கிறார்.

ஹட்டன் உறுப்பினர்: பேச்சு வேறு பக்கம் போனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏபிஏ என்ற மேற்கோள் முறைக் கைநூலின் ஏழாம் பதிப்பின்படி, மூவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதியிருந்தால் உரைக்குள் முதல் தடவையிலேயே எட் அல் வரும். கடைசியிலுள்ள நூற்பட்டியலில் இருபது பேர் வரை எல்லாப் பெயரும் இடம்பெற வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பேராதனை உறுப்பினர்: இபிட்டைவிட ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்கம் என்று எழுதுவதையே சிகாகோ கைநூலின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு விரும்புகிறது. எங்கள் துறை வழிகாட்டியோ இபிட் கட்டாயம் என்கிறது. வரைவு முழுவதும் சுருக்கத் தலைப்பிலேயே எழுதி, ஒரே மூலம் மட்டுமுள்ள குறிப்பை அடுத்து வருபவற்றை மட்டும் இறுதி நாளில் இபிட்டாக மாற்றுகிறேன். முன் குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்தால் அதைத் தொடுவதேயில்லை. மேற்பார்வையாளர் இன்னும் அதை ஏற்கவில்லை.