குழந்தைத் துணிக்குப் பெயர்: மெல்லினமா, வல்லினமா?

வணக்கமுங்க. திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் எங்களுடையது. பிறந்த குழந்தைகளின் துணிக்குப் பெயர் தேடுகிறோம்.

மெல்லொலிப் பெயரை வளைந்த உருவத்தோடும் வல்லொலிப் பெயரைக் கூரான உருவத்தோடும் பலர் சேர்ப்பதை 1929-லேயே உளவியலாளர் கோலர் எழுதியிருக்கிறார். துணியின் தரத்தையும் மக்கள் அப்படித்தான் எடைபோடுவார்களா?

சோதிக்க 'லன்னிம்மோ', 'டக்கிட்டோ' என்று வைத்திருக்கிறேன். உயிரொலிகள் ஒன்றே, மெய் மட்டும் வேறு. தமிழில் சொல்நடுவே தனியாக வரும் க, ட குழைந்துவிடும். 'டகிடோ' என்றால் வல்லோசை பாதிதான். அதனால் இரண்டிலும் மெய்யை இரட்டித்தேன்.

அக்கா, அண்ணா, உங்கள் வீட்டில் இரண்டையும் வாயால் மட்டும் சொல்லி, எது மெத்தென்று இருக்கும், எது நாள்பட உழைக்கும் என்று தனித்தனியாகக் கேட்டுச் சொல்லுங்கள். எழுதிக் காட்ட வேண்டாம், எழுத்தின் வளைவே பதிலை இழுத்துவிடும். அப்புறம், பாதிப் பேரிடம் வரிசையை மாற்றிச் சொல்லுங்க.