ரோடு அகலப்படுத்த வெட்டுன ஆலமரத்துக்கு எங்க அம்மாயி வெச்ச ஒப்பாரி: இந்த மாதிரி கேட்டவங்க இருக்கீங்களா?

களத்துமேட்டுப் பேரன்

எங்க ஊரு வாழப்பாடி பக்கம். ஊர் நுழையற எடத்துல ஒரு ஆலமரம் இருந்துச்சு. ரோடு அகலப்படுத்தறோம்னு போன ஆடியில வெட்டிட்டாங்க. அடிமரத்துல பெயின்ட்ல நம்பர் போட்டு நாலு மாசம் ஆச்சு, நாங்களும் பாத்துப் பழகிட்டோம். வெட்டுன அன்னைக்குத்தான் உறைச்சுது.

முதல்ல கெளைய எறக்குனாங்க. ஆலம்பால் ஒட்டி ரம்பம் ஓடாம, டீசல் தொட்டுத் தொடச்சுத் தொடச்சு அறுத்தாங்க. மத்தியானம் ஜேசிபி வந்து வேரைப் பறிக்க ஆரம்பிச்சுது. எங்க அம்மாயிக்கு 78 வயசு. எதுக்க கெடந்த சுமைதாங்கிக் கல்லுல போய் உக்காந்து கொண்டையை அவுத்து விட்டுச்சு. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு ஓடியாந்து தோள்ல கை போட்டுக்கிட்டாங்க. எழவு வூட்டுல எப்படியோ அப்படியே. போன்ல பிடிச்சேன். பாதி சத்தம் ஜேசிபிதான். எனக்குக் காதுல விழுந்தது இது:

செந்தூரப் பொட்டு வெச்சேன் – ஆலமே
செவப்பு நம்பர் போட்டானே

தங்கக் கொடுவா கொண்டு வந்து – ஆலமே
தார் ரோடு போட வந்தான்
வெள்ளிக் கொடுவா கொண்டு வந்து – ஆலமே
வேரறுத்துப் போட வந்தான்

ஆறு விழுது விட்டே – ஆலமே
ஆறு மக்க பெத்தாப்புல
... ... ...
ஊனி நிக்க விடலையே

அண்ணன் வருவான்னு – ஆலமே
அடிமரத்துல காத்திருந்தேன்
போற வழி அகலமாச்சு
பொறந்த எடம் தூரமாச்சு

புள்ளி வெச்ச வரி எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் புரியல. இன்னொண்ணு, மரத்தை வெட்ட வந்தவன் கையில எதுக்குத் தங்கக் கொடுவா? திட்டறதா இருந்தா துருப்பிடிச்ச கொடுவான்னுதானே பாடணும்?

ஓய்வுபெற்ற தமிழய்யா

நல்ல பதிவு தம்பி. சங்க காலத்திலேயே ஒவ்வொரு மன்னனுக்கும் காவல் மரம் உண்டு. பகைவன் வந்தால் முதலில் அந்தக் கடிமரத்தைத்தான் வெட்டுவான். உன் பாட்டி பாடியது அந்த மரபின் தொடர்ச்சிதான். கையறுநிலை என்று புறநானூற்றில் வருவதும் இதுவே. தங்கக் கொடுவாள் என்பது அரசனுடைய வாள். மரத்தைத் தாயாக, அம்மனாகக் கருதிப் பாடுவதே வழக்கம்.

ஆத்தூர் டீக்கடை

தம்பி, மரத்தடியில கடை வெச்சிருந்தவங்களுக்கு எதாச்சும் குடுத்தாங்களா? எங்க பக்கம் புளியமரத்தடியில நான் 11 வருசமா கடை போட்டிருந்தேன். மரம் சர்க்காரு மரம், எடமும் சர்க்காரு எடம், உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க. மரத்துக்கு அழுவறதுக்கு ஆள் இருக்கு, எனக்கு இல்ல.

பழைய டேப்

எங்கப்பா எழவு வூடுகள்ல தப்பு அடிச்சவரு. அவரு கூடப் போயி போயி எனக்கு இந்தப் பாட்டெல்லாம் காதுல ஏறிடுச்சு. அப்பறம் நானே டேப் ரெக்கார்டர் தூக்கிக்கிட்டுப் போவ ஆரம்பிச்சேன். தம்பி கேட்டதுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஐயா கோவிச்சுக்கக் கூடாது. கடிமரம் உண்மைதான். ஆனா அம்மாயிக்கு அது எங்கயிருந்து வரும்? கையறுநிலை, செத்த ராசாவுக்குப் புலவரு பாடறது. ஒப்பாரியில பாடறவ தன் கதையைத்தான் பாடுவா, பொணம் ஒரு சாக்கு. புருசன் எழவுல பொறந்த வூட்டுக் குறையைப் பாடுவா, மாமியா எழவுல தனக்குப் புள்ள இல்லாததைப் பாடுவா. அதனால பாட்டை விளங்கிக்க மரத்தைப் பாக்காதீங்க, அம்மாயியைப் பாருங்க.

தங்கத்துக்கு வருவோம். ஒப்பாரியில தங்கம், வெள்ளி, முத்து, பவளம் எல்லாம் ஏற்கெனவே கோத்து வெச்ச கண்ணி. ஒரு அடியில தங்கம்னு வந்தா அடுத்த அடியில வெள்ளின்னு மாத்தி அதையே இன்னொரு தரம் பாடலாம். அழுதுக்கிட்டே பாடறவளுக்கு அடுத்த வரியை யோசிக்க மூச்சு கிடைக்கிறது அந்த எடத்துலதான். புதுசா எழவு வந்தா புதுப் பாட்டுக் கட்டறதில்ல, பழைய பாட்டுல ஒரு சொல்லை உருவிட்டு இன்னொண்ணைச் சொருவுவாங்க. எனக்குத் தோணறது, அங்க முதல்ல கொடுவா இருந்திருக்காது, கொடம் இருந்திருக்கும். தங்கக் கொடம் எடுத்துத் தண்ணி வாக்கறது. ரெண்டும் "கொ"தான், நாக்கு சுலபமா மாறும். கொடம் போயி கொடுவா வந்துச்சு, தங்கம் அங்கயே நின்னுடுச்சு. அம்மாயி அவங்க அப்பனுக்கு அழுத பாட்டைக் கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

தாயான்னு கேட்டா, இந்தப் பாட்டுல அப்படி இல்ல. "அண்ணன் வருவான்னு" பாடியிருக்கு. அம்மாயி அந்த ஊர்ல பொறந்தவங்களா, வாக்கப்பட்டு வந்தவங்களா?

கேக்காத வரி "உ, ஊ, ஒ, ஓ" இதுல ஒண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கணும். மத்த எடமெல்லாம் பாருங்க: தங்கம்–தார், வெள்ளி–வேர், செந்தூரம்–செவப்பு, போற–பொறந்த. "ஊனி"க்கு சோடி வேணும். என் ஊகம் "ஒத்த விழுதுகூட".

களத்துமேட்டுப் பேரன்

அக்கா, அம்மாயி வாக்கப்பட்டு வந்தவங்கதான். பொறந்தது கல்வராயன் மலை அடிவாரம். கூடப் பாடுன ரெண்டு பேரும் மருமகளா வந்தவங்கதான். இப்ப யோசிச்சா, ஊர்ல பொறந்த பொம்பளை ஒருத்தர்கூட அன்னைக்கு உக்காரல.

பழைய டேப்

அப்ப சரியாத்தான் இருக்கு. பஸ் வந்து நிக்கறது மரத்தடியில. சீர் கொண்டாற அண்ணன் தம்பி எறங்கறது அங்க. கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போறவ மூட்டையோட உக்கார்றது அங்க. கல்யாணமாயி வந்தப்ப மொதல்ல எறங்கினதும் அங்கயாத்தான் இருக்கும். ஊர்ல பொறந்தவளுக்கு அது நெழலு, வந்தவளுக்கு அது வாசப்படி. "போற வழி அகலமாச்சு, பொறந்த எடம் தூரமாச்சு" பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு. நான் நூத்துக்கணக்குல கேட்டிருக்கேன், இந்த வரி கேட்டதில்ல.

காப்பித்தோட்டம்

நான் ஏற்காடு மேல இருக்கேன். எங்க பக்கம் மரம் வெட்டறது தெனம் நடக்கும், யாரும் அழுவறதில்ல. சில்வர் ஓக்கு காப்பிக்கு நெழலு, மொளகுக் கொடி ஏத்தறதுக்குத் தூணு, வளந்தா வித்துக் காசு. ஆனா ஒரு தடவை பாதைக்காக ஒரு நாவ மரத்தை எடுத்தாங்க, அடியில சாமிக்கல்லு இருந்துச்சு. எங்க பாட்டி பாடல. மூணு நாளு அந்தப் பக்கமே போகல, அவ்வளவுதான். பாடாம இருக்கறதும் ஒரு ஒப்பாரியான்னு தெரியல.

அஸ்தம்பட்டிப் பொண்ணு

நானும் ஒரு பாட்டு எடுத்தேன், ஆனா சொதப்பிட்டேன். ஓமலூர் பக்கம் எங்க அப்பாயி, ஒரு அரசமரத்துக்கு. அன்னைக்கு எடுக்க முடியல. அப்பறம் வீட்டுல உக்கார வெச்சு "பாடுங்க அப்பாயி"ன்னேன். வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்டுக்குள்ள ஒப்பாரி வெப்பாங்களான்னு அம்மாகிட்ட திட்டு. சரி, பாட வேண்டாம், சொல்லுங்க, எழுதிக்கிறேன்னேன். சொன்னாங்க, ஆனா எட்டே வரி. பாட்டு மாதிரியே இல்ல, ஏதோ செய்தி வாசிச்ச மாதிரி இருந்துச்சு. அதை ரீல்ஸ்ல போட்டேன், பின்னாடி சோக மியூசிக் வேற. இப்பப் பாத்தா வெக்கமா இருக்கு.

பழைய டேப்

சொல்லச் சொன்னா அப்படித்தான் ஆகும்மா. முதல்ல "ஆலமே", "அப்பா"ங்கிற விளி உதிரும். அப்பறம் தங்கம்–வெள்ளி திரும்பி வர்றது உதிரும், "அதேதான் மறுக்கா"ன்னு கையைக் காட்டிட்டுப் போயிடுவாங்க. எழுதி வெச்ச ஒப்பாரியில விளியும் இல்லாம, திரும்பறதும் இல்லாம இருந்தா, அது பாடுனதில்ல, சொன்னதுன்னு அடிச்சுச் சொல்லலாம். நான் வூட்டுக்குள்ள கேக்கவே மாட்டேன். களத்து மேடு, கெணத்தடி, கொல்லை, இப்படி வாசலுக்கு வெளிய எங்கயாச்சும் பகல்ல உக்காரணும். கூட இன்னொரு பொம்பளை கட்டாயம் வேணும். வரி முடியற எடத்துல அவ இழுத்துப் பிடிச்சாத்தான் பாடறவளுக்கு அடுத்தது வரும். தனியா ஒருத்தியைப் பாட வெச்சா நாலாவது வரியில நின்னுடும்.

ஓய்வுபெற்ற தமிழய்யா

பழைய டேப் அம்மா சொன்ன மோனைக் கணக்கு சரி. உ, ஊ, ஒ, ஓ தமக்குள் இனம். ஆனால் கடிமரத்தை நான் விட்டுவிடவில்லை. பாடியவருக்குத் தெரியாமலும் மரபு வந்து சேரலாம் அல்லவா?

பழைய டேப்

வரலாம் ஐயா. வரலேன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.

களத்துமேட்டுப் பேரன்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அக்கா சொன்னபடி பகல்ல கெணத்தடியில உக்காந்தோம், பக்கத்து வூட்டு அத்தையும் வந்தாங்க.

முதல்ல அப்பனுக்கு அழுத பாட்டைக் கேட்டேன். "தங்கக் கொடம் கொண்டு வந்து – அப்பா, தண்ணி வாக்க வந்தோமே, வெள்ளிக் கொடம் கொண்டு வந்து – அப்பா, வெந்நி வாக்க வந்தோமே." கொடமேதான் அக்கா. எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு. கொடத்தைக் கொடுவாளா மாத்துனீங்களான்னு கேட்டா, "நான் எங்கடா மாத்துனேன், கண்ணு முன்னால கெடந்ததைப் பாடுனேன்"னுச்சு.

மூணாம் நாள் பால் ஊத்தறதைப் பத்தி அத்தை ஒண்ணு சொன்னாங்க: "இதுக்கு யாரும் ஊத்த வேண்டாம், அன்னைக்கே தானே பால் விட்டுக்கிட்டுக் கெடந்துச்சு." அது பாட்டுல இல்ல, பேச்சுல வந்தது. அதையும் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

அப்பறம் மரத்துப் பாட்டு. விட்டுப்போன எடத்துல வந்த வரி "ஊர்க்காரன் பாத்திருக்க." அதாவது,

ஆறு விழுது விட்டே – ஆலமே
ஆறு மக்க பெத்தாப்புல
ஊர்க்காரன் பாத்திருக்க
ஊனி நிக்க விடலையே

எழுத்து அக்கா சொன்னதுதான், அர்த்தம் வேற. ஆனா அன்னைக்கும் இதைத்தான் பாடுச்சா, இப்ப வந்ததான்னு தெரியல. போன் சத்தத்துல மறுபடி கேட்டா "ஒத்த" மாதிரியும் இருக்கு, "ஊர்" மாதிரியும் இருக்கு. அம்மாயியைக் கேட்டா, "அப்படியா பாடுனேன்?"னு என்னையே திருப்பிக் கேக்குது. எதை எழுதறது?

பழைய டேப்

ரெண்டையும் எழுதுங்க. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் தேதி, எடம், கூட யாரு இருந்தாங்கன்னு போடுங்க. என் ஊகத்தை எழுதாதீங்க, அது அம்மாயி வாயிலயிருந்து வரல. புரியாத எடத்தைப் புள்ளியாவே விடுங்க.

ஆத்தூர் டீக்கடை

ஊர்க்காரன் பாத்திருக்கன்னு பாடுனது யாரைப் பத்தி? வெட்டலாம்னு ஊர்ல யாராச்சும் கையெழுத்து போட்டாங்களா?

களத்துமேட்டுப் பேரன்

அண்ணா, எங்க பெரிய மாமாவும் போட்டாரு. பஞ்சாயத்துல இருந்தாரு அப்ப. கெணத்தடியில பாடும்போது அவரும் பக்கத்துலதான் கட்டில்ல உக்காந்திருந்தாரு. அந்த வரி வந்ததும் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.