n கூடும்போது கம்ப்ரசரின் வேலை குறைவதாக விடை வருகிறதே? ஒற்றைச் சிலிண்டர் கணக்கில் ஒரு சந்தேகம்

இயந்திரவியல்_மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஒற்றைச் சிலிண்டர் காற்றுக் கம்ப்ரசருக்குத் தேவைப்படும் வேலையைக் கணக்கிடும்போது, வகுப்பில் சொல்லப்பட்டதற்கு நேர்மாறான விடை எனக்குக் கிடைக்கிறது. காற்று 1 பார் அழுத்தத்திலும் 27 டிகிரி செல்சியசிலும் உள்ளே இழுக்கப்படுகிறது; 8 பார் தனி அழுத்தத்தில் வெளியே தள்ளப்படுகிறது. பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் கிளியரன்ஸ் இடத்தை இப்போதைக்கு நான் விட்டுவிட்டேன். அமுக்கம் p*V^n மாறாமல் இருக்கும் பாலிட்ரோபிக் முறையில் நடப்பதாகக் கொண்டு, ஒரு கிலோ காற்றுக்குக் கீழே உள்ள சூத்திரத்தைப் பயன்படுத்தினேன்.

```
W = (p2*V2 - p1*V1) / (n - 1)
```

n = 1.2 என்றால் 178.3 கிலோஜூல், 1.3 என்றால் 176.8, 1.4 என்றால் 174.7 என்று வருகிறது. n = 1 ஆகும் சமவெப்ப அமுக்கத்திற்கு மடக்கைச் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 179.0 வருகிறது. அதாவது, சமவெப்ப அமுக்கத்துக்குத்தான் எல்லாவற்றிலும் அதிக வேலை தேவை என்று ஆகிறது. ஆனால் சிலிண்டரைக் குளிர்வித்து n-ஐ 1-க்கு அருகில் கொண்டுவந்தால் வேலை குறையும் என்றே எங்கும் சொல்கிறார்கள். எண்களை மீண்டும் மீண்டும் சரிபார்த்துவிட்டேன். அவற்றில் பிழை தெரியவில்லை. எங்கே இடறுகிறது என்று யாராவது விளக்க முடியுமா?

சுழலி

நீங்கள் அழுத்த விகிதத்தை 8 என்று நிலையாக வைத்திருப்பதுதான் காரணம். அதற்குப் பதிலாகக் கொள்ளளவு விகிதத்தை நிலையாக வைத்து அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். n கூடக்கூட வேலையும் கூடும். பிஸ்டன் ஒரே தூரம்தானே நகர்கிறது? ஆகவே கொள்ளளவை நிலையாக வைப்பதே முறை என்று நினைக்கிறேன்.

வெப்பவியல்_ஆசிரியர்

சுழலி சொல்வது கணித அளவில் உண்மை. மூடிய உருளைக்குள் ஒரே அளவு காற்றை ஒரே கொள்ளளவுக்கு நெருக்கினால் அப்படித்தான் வரும். ஆனால் கம்ப்ரசரில் அமுக்கம் முடியும் இடத்தைத் தீர்மானிப்பது பிஸ்டனின் தூரம் அல்ல. உள்ளழுத்தம் டெலிவரி குழாயின் அழுத்தத்தைச் சற்றே தாண்டியதும் டெலிவரி வால்வு தானாகத் திறந்துகொள்கிறது. எனவே அழுத்த விகிதத்தை நிலையாக வைத்த மாணவியின் தேர்வே சரியானது.

மாணவியே, உங்கள் நான்கு எண்களும் சரியானவைதான். ஆனால் அவை வேறொரு கேள்விக்கான விடைகள். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நேரத்தில் காற்றை நெருக்குவதற்கான வேலையை மட்டும் நீங்கள் கணக்கிட்டிருக்கிறீர்கள். அது முடிந்த பிறகும் பிஸ்டன் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. 8 பார் அழுத்தத்தில் நிற்கும் காற்று முழுவதையும் அது குழாய்க்குள் தள்ளியாக வேண்டும். அதற்கு முன்பு, காற்று உள்ளே வரும் அசைவில், வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளிச் சிறிது வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்ததுதான் ஒரு சுற்றுக்கான வேலை.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். காற்று உள்ளே வரும்போது திரும்பக் கிடைப்பது n எதுவாக இருந்தாலும் 86.1 கிலோஜூல்தான். சமவெப்ப அமுக்கத்தில் காற்றின் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 12.5 விழுக்காடாகச் சுருங்கிய பிறகே வால்வு திறக்கிறது. அதைத் தள்ளி வெளியேற்ற 86.1 கிலோஜூல் போதும். n = 1.4 ஆக இருந்தால் காற்று சூடாகி, அழுத்தம் விரைவாக ஏறி, கொள்ளளவு இன்னும் 22.6 விழுக்காடு இருக்கும்போதே வால்வு திறந்துவிடுகிறது. நெருக்கும் பகுதி சற்று முன்பாகவே முடிந்துவிடுவதால் அந்த வேலை 179.0-லிருந்து 174.7 ஆகக் குறைகிறது. இதைத்தான் நீங்கள் கண்டீர்கள். ஆனால் தள்ள வேண்டிய கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கிவிட்டதால், தள்ளும் வேலை 86.1-லிருந்து 156.0 ஆக உயர்கிறது. நெருக்குவதில் நான்கு கிலோஜூல் மிச்சம், தள்ளுவதில் எழுபது கிலோஜூல் கூடுதல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் n = 1-க்கு 179.0, n = 1.2-க்கு 214.0, n = 1.4-க்கு 244.5 என்று வரும்.

அந்த மூன்றையும் இயற்கணிதத்தில் சேர்த்தால், நீங்கள் எழுதிய சூத்திரத்தின் தலையில் ஒரு n வந்து சேர்கிறது.

```
W = n/(n-1) * R*T1 * ((p2/p1)^((n-1)/n) - 1)
```

அந்த ஒற்றை n-ஐ மனப்பாடமாக ஒட்டிக்கொள்ளாமல், அது தள்ளும் வேலையிலிருந்து வருகிறது என்று நினைவில் வைத்தால் மறக்காது. அழுத்தம்–கொள்ளளவுப் படத்தில், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை நீங்கள் எடுத்தீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டியது கோட்டுக்கும் அழுத்த அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு.

பட்டறைக்காரர்

என் பட்டறையிலும் இதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன். காற்றுக் குளிர்விப்புள்ள ஒற்றைச் சிலிண்டர் கம்ப்ரசர் வைத்திருக்கிறேன். 7 பார் கேஜ் அழுத்தத்தில் நின்றுவிடும். சில மாதங்களாக டாங்க் நிரம்ப முன்பைவிட நெடுநேரம் ஆகிறது, தலைப்பகுதியும் அதிகமாகச் சூடாகிறது. n கூடிவிட்டதுதான் காரணம் என்றால், டாங்குக்குப் போகும் செப்புக் குழாயின் மேல் ஒரு மின்விசிறி வைத்துக் குளிர்வித்தால் n குறைந்து கரண்ட் செலவும் குறையுமா?

வெப்பவியல்_ஆசிரியர்

ஐயா, குழாயைக் குளிர்விப்பதால் n மாறாது. காற்று அந்தக் குழாய்க்கு வரும்போது சிலிண்டர் தன் வேலையை முழுவதும் செலவழித்துவிட்டது. பிறகு நீங்கள் எடுக்கும் வெப்பம் டாங்கில் சேரும் நீரையும் காற்றின் சூட்டையும் பாதிக்குமே ஒழிய, மோட்டாரின் சுமையைக் குறைக்காது. n-ஐக் குறைக்க வேண்டுமானால், காற்று சிலிண்டருக்குள் இருக்கும்போதே வெப்பம் வெளியேற வேண்டும். அதனால்தான் சிலிண்டரிலும் தலையிலும் இறகுகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையில் எண்ணெயும் தூசியும் அடைந்து கிடந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், அந்த மின்விசிறியை அங்கே திருப்புங்கள். எனினும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். n 1.35-லிருந்து 1.25-க்கு இறங்கினாலும் மாணவியின் கணக்கின்படி வேலை 237-லிருந்து 222 கிலோஜூலாகத்தான் குறைகிறது, அதாவது ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல். வேகமாக ஓடும் சிறிய சிலிண்டரில் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் சிறு பகுதிதான். வெளியிலிருந்து ஊதி அவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவருவதே கடினம். இதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் கோத்தார்டு சுரங்கப்பாதைக்காகக் கம்ப்ரசர் அமைத்த கொலாடோன், சிலிண்டருக்குள்ளேயே நீரைத் துளிகளாகத் தெளிக்கச் செய்தார்.

உங்கள் அறிகுறி வேறொன்றைச் சொல்கிறது. n கூடுவதால் மட்டும் டாங்க் நிரம்பும் நேரம் இவ்வளவு நீளாது. நிரம்பவும் நேரமாகி, தலையும் கொதித்தால், டெலிவரி வால்வு சரியாக அமரவில்லை என்றே முதலில் சந்தேகிப்பேன். ஏற்கனவே அமுக்கிச் சூடாக்கிய காற்று, பிஸ்டன் கீழிறங்கும்போது வால்வின் வழியே திரும்பிச் சிலிண்டருக்குள் வருகிறது. புதுக் காற்றுக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அமுக்கப்பட்டு, இன்னும் சூடாகிறது. சூட்டில் எண்ணெய் கருகி வால்வின் தட்டில் கரியாகப் படியும். அந்தக் கரி வால்வை மேலும் அமரவிடாமல் செய்யும்.

சோதிப்பதற்கு, மெஷின் ஓடும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வாயில் கையை அருகில் வையுங்கள். காற்று வெளியே தெறித்தால் குற்றம் உள்வரும் வால்வில். தெறிக்காமல் தலை மட்டும் கொதித்தால், தலையைத் திறந்து டெலிவரி வால்வைப் பார்க்க வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டுக் கசிவைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். டாங்கின் வாயில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு பிடித்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, டாங்கின் அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

இயந்திரவியல்_மாணவி

ஐயா, மிக்க நன்றி. தள்ளும் வேலையைத் தனியாகப் பிரித்துக் காட்டியதும் படம் தெளிவாகிவிட்டது. இதையொட்டி இன்னொரு கேள்வி. எங்கள் ஆய்வகத்துக் கம்ப்ரசரில் அழுத்தப் படம் வரையும் கருவி இல்லை. வெப்பநிலையிலிருந்தே n-ஐக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உள்ளே வரும் காற்று 30 டிகிரி, டெலிவரி குழாயில் உள்ள வெப்பமானி 140 டிகிரி, கேஜ் 5 பார். தனி அழுத்தமாக 6 பார் எடுத்து, கெல்வினில் மாற்றிக் கணக்கிட்டால் n = 1.21 வருகிறது. காற்றால் மட்டும் குளிரும் சிலிண்டருக்கு இது நம்பத்தக்கதா?

வெப்பவியல்_ஆசிரியர்

எனக்கு அது குறைவாகத் தெரிகிறது. நீர்ச் சட்டை இல்லாத சிறிய சிலிண்டரில் 1.3-ஐ ஒட்டி எதிர்பார்ப்பேன். வெப்பமானி வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். வால்வைக் கடக்கும்போது காற்று உண்மையில் 185 டிகிரியில் இருந்து, வெப்பமானியை அடைவதற்குள் 45 டிகிரி ஆறியிருந்தால், சரியான n 1.30 ஆகும். அந்த ஒரு பிழையால் வேலையை ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

சுழலி

அப்படியானால் தொடக்க வெப்பநிலையையும் சந்தேகிக்க வேண்டாமா? 30 டிகிரியில் நுழையும் காற்று, சூடான வால்வையும் சுவரையும் தொட்டு, அமுக்கம் தொடங்கும் முன்பே 50 டிகிரிக்கு வந்திருக்கலாம். உங்கள் 185 டிகிரியோடு அதைப் போட்டால் n மறுபடி 1.24-க்கு இறங்கிவிடுகிறது.

வெப்பவியல்_ஆசிரியர்

சரியான கேள்வி. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. வெளியில் உள்ள இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு அவற்றைப் பிரிக்க முடியாது. மேலும், சிலிண்டருக்குள் n ஒரே மதிப்பில் நிற்பதும் இல்லை. அமுக்கத்தின் தொடக்கத்தில் சுவர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் வெப்பம் காற்றுக்குள் போகிறது, அப்போது n 1.4-ஐத் தாண்டியும் இருக்கலாம். முடிவில் காற்று சுவரைவிடச் சூடாகி, வெப்பம் வெளியே போய், n குறைகிறது. நாம் சொல்லும் n இந்த முழுப் பயணத்துக்கும் பொருந்தும் ஒரு சராசரி மட்டுமே. அறிக்கையில் 1.21 என்று எழுதி, வெப்பமானிகள் எங்கே பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் டெலிவரி வால்வை ஒட்டிய தலைப்பகுதியில் ஒரு தெர்மோகப்பிளைப் பொருத்தி மீண்டும் அளந்து பாருங்கள்; உலோகத்தின் சூடு காற்றின் சூடு ஆகாது என்றாலும், குழாயில் எவ்வளவு ஆறுகிறது என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும்.

பட்டறைக்காரர்

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், காற்று வெளியே தெறிக்கவில்லை. டாங்கைக் காலி செய்து தலையைத் திறந்தபோது டெலிவரி வால்வுத் தட்டில் கரி கெட்டியாகப் படிந்திருந்தது; ஒரு பக்கம் தட்டு அமரவே இல்லை. சுத்தம் செய்து மாட்டியதில் நிரம்பும் நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் புதிதாக வாங்கியபோது இருந்த அளவுக்கு வரவில்லை. பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருக்குமோ?

வெப்பவியல்_ஆசிரியர்

இருக்கலாம். கிராங்க் கேஸின் மூச்சுத் துளையில் காற்று வேகமாகவும் எண்ணெய்ப் புகையோடும் வந்தால் ரிங்கைப் பார்க்க வேண்டும். அதற்கு முன், தலையை மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே போட்டீர்களா என்று சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்

பழையதைத்தான் போட்டேன். புதியது வாங்கி மாற்றிவிட்டு எழுதுகிறேன்.