லேபிள் கிழிந்த மருந்து பாட்டில், போட்டோவை வைத்து என்னவென்று கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

மோட்டார் ரூம் மருமகள்
மாமனார் போன பிறகு மோட்டார் ரூமை ஒழித்தோம். பரண்மேல் ஒரு லிட்டர் வெள்ளை பாட்டில், பாதிக்கு மேல் மருந்து இருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த பக்கம் எலி கடித்துப் போய்விட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி எனக்குப் பச்சையாகத் தெரிகிறது, வீட்டுக்காரருக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மேல்பாதியில் ஆங்கிலத்தில் கடைசி மூன்று எழுத்து, 'சன்', மட்டும் மிச்சம். கீழே பொடி எழுத்தில் "...குவாட் டைகுளோரைடு 24% எஸ்.எல்.". இதற்கு முன் யாராவது இப்படிப் பார்த்ததுண்டா?

கரட்டுக்காடு
உள்ளே இருப்பது கரும்பச்சைத் தண்ணீர்தானே? அப்போ பச்சை லேபிள்தான். களைக்கொல்லி எல்லாமே பச்சை, பூச்சிமருந்துதான் மஞ்சள், சிவப்பு. சிவப்பு இல்லையென்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

உரக்கடை அண்ணாச்சி
தம்பி, களைக்கொல்லி என்பது சரி. மற்றது தப்பு. அந்த நிறம் மருந்தின் வேலையைச் சொல்வதில்லை, விஷத்தின் அளவைச் சொல்கிறது. எலிக்குக் கொடுத்துப் பார்த்து வைத்த கணக்கு அது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். உள்ளே ஊற்றியிருக்கிற திரவத்தின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அம்மா, போட்டோவில் நிறத்தை நம்பாதீர்கள், மேல்பாதியைப் படியுங்கள். பச்சைக்கு மேலே 'காஷன்' என்று இருக்கும், நீலத்துக்கு மேலே 'டேஞ்சர்'. 'பாய்சன்' என்ற சொல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும்தான் வரும், அதில் சிவப்புக்கு மண்டை ஓடும் சேர்ந்து இருக்கும். உங்களுக்குக் கிடைத்த 'சன்', பாய்சனின் வால். 'காஷன்' கடைசியில் வருவது வேறு எழுத்து. மண்டை ஓடு வர வேண்டிய இடம் கிழியாமல் காலியாக இருக்கிறதென்றால் மஞ்சள்தான். வீட்டுக்காரர் ஜெயித்தார்.

பெயரும் பொருந்துகிறது. 'குவாட் டைகுளோரைடு 24% எஸ்.எல்.' என்றால் பாராகுவாட். கடையில் ஆளுக்கொரு பிராண்டு பெயரில் கேட்பார்கள். நான் அந்தப் பொடி எழுத்தையும் சதவீதத்தையும் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கம்பம் பக்கம்
மஞ்சள்தானே என்று இதை லேசாக எடுக்காதீர்கள். வாய்வழியாக உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் போதும், சில நாள் கழித்து நுரையீரலில் காட்டும். கேரளத்தில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். நிறம் தனியாக இதையெல்லாம் சொல்லாது. லேபிளிலும், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளிலும் 'முறிவு மருந்து' என்ற இடத்தைத் தேடிப் படிக்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் தாளில் அந்த இடத்தில் அட்ரோபின் என்று இருக்கும். அது சிவப்பு லேபிள்.

புது விவசாயி
கோரைக்கு எது நல்லது? அடித்து ஒரு வாரத்தில் திரும்ப முளைக்கிறது.

உரக்கடை அண்ணாச்சி
அது வேறு கேள்வி தம்பி, இருந்தாலும் சொல்கிறேன். பாராகுவாட் பட்ட இலையை மட்டும் கருக்கும். கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே, திரும்ப முளைக்காமல் என்ன செய்யும்.

பருத்திக்காரன்
என் கதை வேறு. களைக்கொல்லி அடித்த டேங்கைச் சும்மா அலசிவிட்டு, அதிலேயே பருத்திக்கு மருந்து அடித்தார் எங்கள் ஆள். முதலில் போனது 2,4-டி. பருத்தி இலையெல்லாம் குறுகி, வெண்டை இலை மாதிரி விரல் விரலாய் நீண்டுவிட்டது. அதற்குப் பிறகு களைக்கொல்லிக்குத் தனி டேங்க், மூடியில் சிவப்பு பெயிண்ட்.

கம்பம் பக்கம்
நல்ல ஏற்பாடு. நான் பாராகுவாட் கலந்த காலத்தில், அடிக்கும் நேரத்தைவிடப் பாட்டிலைத் திறந்து அளந்து ஊற்றும் நேரத்தில்தான் அதிகம் பயந்தேன். தண்ணீர் கலக்காத மருந்து கையில் வழிந்து நகம் வெளுத்து உதிர்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கால் பூட்ஸ் மூன்றும் வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது. கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண் பிடித்துக்கொண்டு களை சாகாது, அப்புறம் அளவைக் கூட்டச் சொல்லித் தோன்றும்.

கரட்டுக்காடு
சரி, நிறக் கணக்கு தப்பாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் பாராகுவாட் வாங்கும் யாரும் கையுறை போட்டு நான் பார்த்ததில்லை.

மோட்டார் ரூம் மருமகள்
எல்லோருக்கும் நன்றி. பாட்டிலை வேறெதிலும் மாற்றாமல், மூடியை இறுக்கி, பேரப்பிள்ளைகள் கை எட்டாத இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டோம். லேபிளை நேர் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் 108-க்குச் சொல்லவும் ஆஸ்பத்திரியில் காட்டவும் ஆகும். இப்போது பாக்கி, இதை எங்கே கொடுப்பது? கிணற்றோரமும் வாய்க்காலிலும் ஊற்றக் கூடாது என்று தெரியும். பக்கத்துக் கடையில் திரும்ப வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

உரக்கடை அண்ணாச்சி
நானும் வாங்க மாட்டேன் அம்மா, வாங்கி எங்கே வைப்பது. வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே போடுங்கள், என் குடோனிலும் காலாவதியானது நாலைந்து பெட்டி கிடக்கிறது.