வெபினார் ஆரம்பத்துல சொல்ற விதிமுறை யார் காதுலயும் ஏறல, கேள்வி எல்லாம் சாட்லயே வருது, என்ன பண்றது?

மலர்விழி
வணக்கம். எங்க குழுவுக்கு மாசாமாசம் ஜூம்ல வெபினார் நடத்துறோம், ஹோஸ்ட் நான்தான். மொத்தம் ஒரு மணி நேரம், பேச்சாளருக்கு 40 நிமிஷம், மிச்சம் கேள்வி பதில். ஆரம்பத்துல நான் சொல்றது இதுதான்: இது ரெக்கார்ட் ஆகுது, எல்லாரும் ம்யூட்ல இருப்பீங்க, சாட்ல மரியாதையா எழுதுங்க, விளம்பர லிங்க் போடாதீங்க, கேள்விய Q&A-ல போடுங்க, கடைசில எடுத்துக்குறோம், ரெக்கார்டிங் அப்புறம் அனுப்புவோம். இத சொல்லி முடிக்கவே நாலு நிமிஷம் போயிடுது.

அப்படி சொல்லியும் பாதி கேள்வி சாட்லதான் வருது, "வணக்கம்", "கேக்குது", "ஸ்லைடு கிடைக்குமா" இதுக்கெல்லாம் நடுவுல எங்கயோ ஒரு நல்ல கேள்வி மாட்டிக்கிட்டு கிடக்குது, பேச்சாளர் முடிச்சதும் நான் மேல ஸ்க்ரோல் பண்ணி தேடிட்டே இருக்கேன். போன வெபினார் முடிஞ்சதும் ஒருத்தங்க மெயில் வேற போட்டாங்க, என் பேரச் சொல்லி கேள்விய வாசிச்சுட்டீங்க, அது ரெக்கார்டிங்ல இருக்கு, எடுத்துடுங்கன்னு. ரெக்கார்ட் ஆகுதுன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சேன்? இந்த வரிகள எப்படி எழுதணும், எந்த வரிசைல சொல்லணும்? யாராச்சும் ஸ்க்ரிப்ட் வச்சிருந்தா குடுங்க.

சுரேஷ்_கே
ரொம்ப சிம்பிள் மேடம், சாட்ட ஆஃப் பண்ணிடுங்க. சாட் இல்லனா கேள்வி Q&A-லதான் வந்தாகணும். நாங்க அப்படித்தான் பண்றோம்.

ஃபாத்திமா
எங்க கிளாஸ்லயும் இதே தொல்லைங்க, பசங்க மைக்க ஆன் பண்ணிட்டே இருப்பாங்க, பின்னாடி டிவி சத்தம், நாய் குலைக்குற சத்தம் எல்லாம் வரும். நான் உள்ள வந்ததுமே எல்லாரையும் ம்யூட் பண்ணிட்டு, கேள்வி இருந்தா கை தூக்குற பட்டன அழுத்துங்கன்னு சொல்லிடுவேன், ஒவ்வொருத்தரா பேச விடுவேன். நீங்களும் அப்படி பண்ணிப் பாருங்க.

மலர்விழி
ஃபாத்திமா அக்கா, நீங்க சொல்றது மீட்டிங். வெபினார்ல பார்வையாளருக்கு மைக்கே இருக்காது, நாமளா குடுத்தாதான் பேச முடியும். அதனால சத்தம் பிரச்சனை இல்ல, எழுத்துலதான் பிரச்சனை. சுரேஷ் சார், சாட்ட மூடினா "சத்தம் வரல", "ஸ்லைடு நகரல"ன்னு சொல்றதுக்கு யாருக்கும் வழி இருக்காதே?

இளங்கோ (மாடரேட்டர் வேலை)
நான் ரொம்ப வருஷமா மத்தவங்களோட வெபினாருக்கு பின்னாடி உக்காந்து கேள்விகள பாத்துக்குற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மொதல்ல, உங்க வரிகள்ல தப்பு இல்ல, சொல்ற நேரம்தான் தப்பு. கேள்விய எங்க போடணும்னு நீங்க முதல் நிமிஷத்துல சொல்றீங்க, அவங்களுக்கு கேள்வி வர்றது 25வது நிமிஷத்துல. அதுக்குள்ள மறந்துடும். அதோட ஆளுங்க முதல் பத்து நிமிஷம் வரைக்கும் உள்ள வந்துட்டே இருப்பாங்க, அவங்க நீங்க சொன்னதயே கேக்கல. நீங்க சாட்ல போட்ட மெசேஜும் அவங்களுக்கு தெரியாது, ஜூம் வெபினார்ல லேட்டா வர்றவங்களுக்கு முன்னாடி வந்த சாட் காட்டாது. அதனால ஆரம்பத்துல ஒன்றரை நிமிஷத்துக்கு மேல பேசாதீங்க, ரெக்கார்டிங், எதை எங்க எழுதணும், இது ரெண்டு மட்டும் போதும். 10வது நிமிஷம் வாக்குல Q&A பத்தி ஒரு வரிய சாட்ல திரும்ப போடுங்க. கேள்விய எப்படி எடுப்போம்ங்கறத பேச்சாளர் முடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லுங்க, அப்பதான் அது அவங்களுக்கு தேவை.

சாட்ட முழுசா மூட வேணாம், சுரேஷ் சொன்னதுல பாதி சரி. பார்வையாளர் யாரோட சாட் பண்ணலாம்ங்கற இடத்துல "Everyone"ங்கறத எடுத்துட்டு "Hosts and panelists"னு வைங்க. அப்ப "சத்தம் வரல"ங்கறது உங்களுக்கு வரும், மத்தவங்க பாக்க மாட்டாங்க. ஒருத்தர் வணக்கம் போட்டத பாத்து அம்பது பேர் வணக்கம் போடறதும் நின்னுடும். விளம்பர லிங்க் போட்டாலும் யாருக்கும் போய்ச் சேராது, அதனால அந்த விதிய வாயால சொல்ல வேண்டிய தேவையே இல்ல. செட்டிங்கே தடுத்துடுற விஷயத்த ஸ்க்ரிப்ட்ல இருந்து வெட்டிடுங்க, உங்க நாலு நிமிஷத்துல பாதி அப்படியே குறைஞ்சிடும். ம்யூட் பத்தின வரியும் அப்படித்தான், வெபினார்ல மைக்கே இல்லாதவங்ககிட்ட ம்யூட்ல இருப்பீங்கன்னு ஏன் சொல்லணும்.

ஒண்ணு மட்டும் கவனம். நீங்க சாட்ல போடும்போது மேல இருக்கற To இடத்துல "Everyone" இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க. அது "Hosts and panelists"ல நின்னுட்டு இருந்தா உங்க மெசேஜ் உங்க டீமுக்கு மட்டும்தான் போகும், யாருக்கு போச்சுன்னு மெசேஜ் மேல சின்னதா காட்டினாலும் அவசரத்துல கண்ணுல படாது. ஒரு போன்ல பார்வையாளரா உள்ள வந்து பக்கத்துல வச்சுக்கங்க, அதுல மெசேஜ் வந்தா வந்துச்சு, இல்லனா இல்ல.

மலர்விழி
போன் ஐடியா நல்லா இருக்கு. ரெக்கார்டிங் விஷயம்தான் சார் எனக்கு பெரிய கவலை. பட்டன அழுத்திட்டு சொல்லணுமா, சொல்லிட்டு அழுத்தணுமா?

இளங்கோ (மாடரேட்டர் வேலை)
சொல்லிட்டு அழுத்துங்க, அழுத்தினப்புறம் ஒரு வரி திரும்ப சொல்லுங்க. முதல் தடவை சொல்றது வேணாம்னு நினைக்கறவங்க வெளிய போறதுக்கு. ரெண்டாவது வரி எதுக்குன்னா, அறிவிச்சோம்ங்கறது ரெக்கார்டிங்குள்ளயே இருக்கும், அப்புறமா வீடியோ பாக்கறவங்களுக்கும் புரியும். ஜூமே ரெக்கார்ட் ஆகுதுன்னு ஒரு பெட்டி காட்டும், லேட்டா வர்றவங்களுக்கும் காட்டும், ஆனா அது "ரெக்கார்ட் ஆகுது"ன்னு மட்டும்தான் சொல்லும். எது பதிவாகும், யார் பாப்பாங்க, எங்க போடுவீங்க, இதெல்லாம் நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு மெயில் போட்டவங்க பிரச்சனை அதான். ரெக்கார்ட் ஆகுதுன்னா பேச்சாளரதான் எடுக்கறாங்கன்னு நினைச்சிருப்பாங்க, தன் பேர் அதுல வரும்னு அவங்களுக்கு எப்படி தெரியும்?

நான் குடுக்கற ஸ்க்ரிப்ட் இது, அப்படியே எடுத்துக்கங்க:

"வணக்கம், இன்னும் ஒரு நிமிஷத்துல ஆரம்பிக்கறோம். இந்த நிகழ்ச்சிய ரெக்கார்ட் பண்ணப் போறோம். பேசறவங்க முகமும் குரலும் ஸ்லைடும் வீடியோல வரும். உங்க முகமோ குரலோ வராது. நீங்க எழுதற கேள்விய நாங்க வாசிப்போம், ஆனா பேர் வாசிக்க மாட்டோம். சாட்ல எழுதறது வீடியோல வராது, ஆனா எழுத்து வடிவத்துல எங்ககிட்ட இருக்கும். ரெக்கார்டிங் லிங்க் பதிவு செஞ்ச எல்லாருக்கும் ரெண்டு நாளைக்குள்ள மெயில்ல வரும். கேள்வி இருந்தா கீழ Q&A பட்டன அழுத்தி எப்ப வேணா போடலாம். சத்தமோ படமோ சரியில்லனா மட்டும் சாட்ல சொல்லுங்க. இப்ப ரெக்கார்டிங் ஆரம்பிக்குது."

பட்டன அழுத்தினப்புறம்: "வணக்கம், இந்த நிகழ்ச்சி பதிவாகிட்டு இருக்கு, ஆரம்பத்துல சொன்ன மாதிரி கேள்வி கேக்கறவங்க பேர் இதுல வராது. இப்ப பேச்சாளர அழைக்கறேன்."

சாட் பத்தின அந்த வரிய தூக்கிடாதீங்க. சாட் பதிவாகாதுன்னு சிலர் சொல்லிடுறாங்க, ஆனா செட்டிங் ஆன்ல இருந்தா அது தனி எழுத்து ஃபைலா வந்து விழும். "ரெண்டு நாள்"னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. கிளவுட் ரெக்கார்டிங் ரெடியாக சாதாரணமாவே வெபினார் ஓடின நேரத்துக்கு ரெண்டு மடங்கு ஆகும், சில சமயம் 24 மணி நேரம் கூட ஆகலாம். இன்னிக்கே அனுப்பறேன்னு சொன்னீங்கன்னா ராத்திரி பூரா மெயில் வந்துட்டே இருக்கும்.

சுரேஷ்_கே
சரி சார், கேள்வி வரிசைக்கு அப்வோட் ஆன் பண்ணிட்டா போதும்ல? எது மேல வருதோ அத எடுத்துட்டா யாரும் குறை சொல்ல முடியாது.

இளங்கோ (மாடரேட்டர் வேலை)
ஆன் பண்ணலாம், ஆனா அத மட்டும் நம்பாதீங்க சுரேஷ். எல்லா கேள்வியும் எல்லாருக்கும் தெரியற மாதிரி வச்சாதான் அப்வோட் வேலை செய்யும், பதில் சொன்ன கேள்வி மட்டும் தெரியும்னு வச்சிருந்தா அந்த வசதியே வராது. எல்லாம் தெரியும்னு வச்சா, 5வது நிமிஷம் வந்த "ஸ்லைடு கிடைக்குமா"க்கு ஓட்டு குவிஞ்சு அதான் மேல நிக்கும், 38வது நிமிஷம் வந்த ஆழமான கேள்வி அடில கிடக்கும், அதுக்கு ஓட்டு சேர நேரமே இருக்காது. அதனால ஸ்லைடு, ரெக்கார்டிங், சான்றிதழ் மாதிரி கேள்விக்கெல்லாம் ஒரு ஆள் வந்த உடனே எழுத்துல பதில் போட்டு நகர்த்திடணும். மிச்சத்த சேத்துப் பாத்து ஒரே மாதிரி கேக்கறத ஒண்ணாக்கி, முடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப இப்படி சொல்லுங்க: "நிறைய பேர் கேட்டத முதல்ல எடுக்கறோம், நேரம் பத்தாம போற கேள்விக்கு பதில் ரெக்கார்டிங் மெயிலோட வரும்." அந்த வாக்க குடுத்தா காப்பாத்தணும், பேச்சாளர் சம்மதிக்கலனா அந்த வரிய சொல்லாதீங்க.

சாட்ல வர்ற கேள்விக்கு நீங்க தேடாதீங்க. உங்க கூட இருக்கறவர் "இத Q&A-ல போடுங்க, அங்கதான் பாக்கறோம்"னு அவருக்கு மட்டும் ஒரு ரிப்ளை போட்டா போதும்.

வாணி
நான் இதுல கொஞ்சம் மாறுபடுறேன். பேரே வாசிக்கக் கூடாதுன்னா கேள்வி கேட்டவங்களுக்கு நம்மள கண்டுக்கலயேன்னு தோணும். எங்க வெபினார்ல பேர் சொன்னாதான் சந்தோஷப்படறாங்க. பெயர் இல்லாம கேக்கற வசதிய ஆன் பண்ணிட்டு, பேர் போட்டு கேட்டவங்க பேர வாசிச்சா என்ன?

இளங்கோ (மாடரேட்டர் வேலை)
பண்ணலாம்ங்க, ஆனா அப்ப அத ஆரம்பத்துலயே சொல்லிடணும், "பேர் வேணாம்னா அனுப்பறதுக்கு முன்னாடி பெயர் மறைக்கற பெட்டிய டிக் பண்ணுங்க, இல்லனா வாசிப்போம்"னு. போன்ல இருந்து வர்றவங்க அந்த பெட்டிய கவனிக்கறதே இல்ல, அதான் எனக்கு பயம். கேக்கறவங்க யாருங்கறத பொறுத்தது இது, உடம்பு, சம்பளம், குடும்பம் பத்தின தலைப்புன்னா நான் பேர் வாசிக்கவே விட மாட்டேன்.

வாணி
எங்க தலைப்பெல்லாம் அப்படி இல்ல, அதனால நான் பேர் சொல்றதத் தொடரத்தான் போறேன். டிக் பெட்டி பத்தின வரிய சேத்துக்கறேன்.

மலர்விழி
சார், அந்த மெயில் போட்டவங்களுக்கு இப்ப என்ன பண்ணட்டும்? லிங்க் எல்லாருக்கும் போயிடுச்சு.

இளங்கோ (மாடரேட்டர் வேலை)
முதல்ல அந்த ஷேரிங்க நிறுத்துங்க. ரெக்கார்டிங்க டவுன்லோட் பண்ணி ஏதாச்சும் வீடியோ எடிட்டர்ல அந்த பேர் வர்ற ரெண்டு மூணு செகண்ட் சத்தத்த மட்டும் அமுக்குங்க, கேள்வி அப்படியே இருக்கட்டும். சப்டைட்டில் ஃபைல் இருந்தா அதுலயும் பேர் எழுத்துல இருக்கும், பலர் வீடியோவ மாத்திட்டு அத மறந்துடுறாங்க. புது லிங்க் போட்டதும் பழசு திறக்குதான்னு லாகின் பண்ணாத ஒரு ப்ரவுசர்ல பாத்துடுங்க, அதுக்கப்புறம் அவங்களுக்கு மெயில் போடுங்க. ஏற்கனவே யாராச்சும் டவுன்லோட் பண்ணியிருந்தா அத திரும்ப வாங்க முடியாது, அதயும் அவங்ககிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

மலர்விழி
ஷேரிங்க இப்பவே நிறுத்திட்டேன். டவுன்லோட் ஓடிட்டு இருக்கு, சப்டைட்டில் ஃபைல்ல அவங்க பேர் ஒரு இடத்துல இருக்கு, இன்னொரு இடத்துல தப்பான எழுத்துல இருக்கு, ரெண்டையும் எடுத்துடறேன்.